பாதியில் செத்த வொர்க்கரை யார் கண்டுபிடிப்பது?

பேருந்து டிக்கெட்டை ஆன்லைனில் ரத்து செய்கிறோம். பணம் இரண்டு மூன்று நாளில் கணக்குக்கு வந்துவிடும். எப்போதாவது ஒருவருக்கு மட்டும் வராது. வாரம் கழிந்து அவர் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. திரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வேலையை எடுத்துக்கொண்ட நிரல் ஒரு வாரம் முன்பே செத்துப்போயிருக்கும். சாகும்போது யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இப்படி நடப்பதற்கு இடம் கொடுக்கும் வடிவமைப்பு மென்பொருள் உலகில் மிகச் சாதாரணமானது. அதற்கு மாற்றாக இருப்பதுதான் மெசேஜ் கியூ. ரீஃபண்ட் ஒன்றையே எடுத்துக்கொண்டு இரண்டையும் பார்த்துவிடலாம். தப்பினால் காசு போகிற வேலை என்பதால், எங்கே ஓட்டை இருக்கிறது என்பது இதில் சட்டென்று தெரியும்.

முதலில் பழைய முறை. டேட்டாபேஸில் `refunds` என்று ஓர் அட்டவணை. ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் ஒரு வரி. அந்த வரியில் `status` என்று ஒரு பத்தி. பயணி ரத்து செய்ததும் அதில் `NEW` என்று விழும். பின்னணியில் நாலைந்து வொர்க்கர்கள், அதாவது இந்த வேலைக்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், சில விநாடிக்கு ஒருமுறை அட்டவணையைத் துழாவும். `NEW` கண்ணில் பட்டால் ஒரு வொர்க்கர் அதைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும்:

```sql
UPDATE refunds
SET status = 'PROCESSING'
WHERE id = 48213 AND status = 'NEW';
```

இரண்டு வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் இதை அனுப்பினாலும் ஒன்றுக்குத்தான் பலிக்கும். மற்றதற்கு "மாறிய வரிகள் 0" என்று பதில் வரும். அது வேறு வேலை தேடிப் போய்விடும். பிடித்த வொர்க்கர் வங்கிப் பணத்தைக் கையாளும் பேமென்ட் கேட்வேக்கு 640 ரூபாயைத் திருப்பச் சொல்லி அனுப்பும். சரி என்று பதில் வந்தால் `status` பத்தியில் `DONE` என்று எழுதும். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

`PROCESSING` என்று எழுதிய பிறகு, `DONE` என்று எழுதுவதற்கு முன்னால் அந்த வொர்க்கர் செத்தால்? சாவதற்குக் காரணமா இல்லை. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் தானே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். புதுப் பதிப்பை ஏற்றும்போது பழையதை நிறுத்துவார்கள். சர்வரே கரன்ட் போய் அணையலாம். எப்படிச் செத்தாலும் வரியில் `PROCESSING` அப்படியே நிற்கும். மற்ற வொர்க்கர்கள் `NEW` வரிகளை மட்டும்தான் தேடுகின்றன, இதைத் தொடாது. அந்த வார்த்தையை மாற்ற வேண்டிய பொறுப்பு யாருக்கு இருந்ததோ, அதுதான் செத்துப்போனது. இந்தக் கோளாறில் பிழைச் செய்தி எதுவும் எழாது, லாகில் ஒரு சிவப்பு வரி விழாது. போன் வந்தால்தான் தெரியும்.

இதை அடைக்க எல்லா அலுவலகத்திலும் ஒரே மருந்துதான் போடுவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் `PROCESSING`-இல் நிற்கும் வரிகளை மறுபடி `NEW` ஆக்கு என்று ஒரு துப்புரவு நிரலை எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுவார்கள். பெரும்பாலான நாட்களில் இது வேலை செய்யும். தீபாவளிக்கு முந்தைய நாள் கேட்வே திணறி, ஒரு பதிலுக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் வேறு கதை. வொர்க்கர் உயிரோடுதான் இருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது. துப்புரவு நிரல் அது செத்துவிட்டதாக முடிவு செய்து வரியைத் திறந்துவிட, இன்னொரு வொர்க்கர் அதே 640 ரூபாயை இன்னொருமுறை அனுப்பும். பத்தை முப்பதாக்கினால் இந்த ஆபத்து குறையும். ஆனால் உண்மையிலேயே செத்த வேலைகள் அரை மணி நேரம் கிடக்கும். கடிகாரத்தை மட்டும் பார்த்து ஒருவர் செத்தாரா, தாமதிக்கிறாரா என்று சொல்ல முடியாது.

மெசேஜ் கியூ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 2003-இல் ஜேபி மோர்கன் வங்கியில் ஜான் ஓஹாரா என்பவர் தொடங்கிய ஏஎம்க்யூபி என்ற நெறிமுறை, வெவ்வேறு நிறுவனத்தார் எழுதிய நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்குப் பொது மொழியாக வந்தது. அதை வைத்து 2007-இல் வெளியான ராபிட்எம்கியூ இன்றும் பரவலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நமது உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

இங்கே வொர்க்கர்கள் அட்டவணையைத் துழாவுவதில்லை. நடுவில் புரோக்கர் என்ற சர்வர் இருக்கிறது. பயணி ரத்து செய்ததும் "48213, 640 ரூபாய்" என்று ஒரு செய்தி புரோக்கரின் கியூவில் போய் நிற்கும். வொர்க்கர்கள் ஒவ்வொன்றும் புரோக்கரோடு ஓர் இணைப்பைத் திறந்து, மூடாமல் வைத்திருக்கும். கியூவின் மொழியில் இவற்றுக்கு கன்ஸ்யூமர் என்று பெயர். புரோக்கர் செய்தியை ஒரு கன்ஸ்யூமருக்கு அனுப்பும். ஆனால் தன்னிடமிருந்து அழிக்காது. "கொடுத்தாயிற்று, ஒப்புகை வரவில்லை" என்ற கணக்கில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். வேலையை முடித்த கன்ஸ்யூமர் ஒப்புகை அனுப்ப வேண்டும்; அலுவலகங்களில் பேச்சுவழக்கில் இதை "ஆக்" என்பார்கள். ஆக் வந்த பிறகுதான் புரோக்கர் அந்தச் செய்தியை அழிக்கும். பதிவுத் தபாலில் கையெழுத்தாகித் திரும்பிவந்த ஒப்புகை அட்டை போலத்தான்.

பைத்தானில் எழுதினால் கன்ஸ்யூமரின் மையம் இவ்வளவுதான்:

```python
def on_message(ch, method, props, body):
    send_refund(body)
    ch.basic_ack(method.delivery_tag)
```

இரண்டாவது வரியில் பணம், மூன்றாவது வரியில் ஆக். இந்த இரண்டு வரிகளுக்கு இடையில்தான் மீதிக் கதை முழுவதும் இருக்கிறது.

கன்ஸ்யூமர் பாதியில் செத்தால் என்ன நடக்கும் என்று நெருங்கிப் பார்ப்போம். லினக்ஸ் ஒரு நிரலைக் கொன்றவுடன், அது திறந்து வைத்திருந்த கோப்புகளையும் நெட்வொர்க் இணைப்புகளையும் இயங்குதளமே மூடிவிடும். நிரல் விடைபெறும் நிலையில் இல்லாவிட்டாலும், அதன் சார்பில் இயங்குதளம் "இணைப்பு முடிந்தது" என்று மறுமுனைக்குச் சொல்லிவிடும். புரோக்கர் அதைக் கேட்டதும், அந்த இணைப்பில் கொடுத்து ஆக் வராமல் கிடக்கும் செய்திகளையெல்லாம் கியூவுக்குத் திருப்பி, வேறொரு கன்ஸ்யூமருக்கு அனுப்பத் தொடங்கும். கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும். திரும்பி வந்த செய்தியில் `redelivered` என்ற கொடி ஏற்றப்பட்டிருக்கும்: இது ஏற்கெனவே ஒருவரிடம் போய் வந்த சரக்கு என்று அர்த்தம்.

ஆக, சாவைக் கண்டுபிடிப்பது செத்தவரின் பொறுப்பாக இல்லை. துப்புரவு நிரலும் வேண்டாம், பத்து நிமிடமா முப்பது நிமிடமா என்ற ஊகமும் வேண்டாம். இணைப்பு இருக்கும்வரை கன்ஸ்யூமர் உயிரோடு இருப்பதாகக் கணக்கு; அறுந்தால் வேலை திரும்பிவிடும்.

நிரல் மட்டும் சாகாமல் மொத்த சர்வரும் கரன்ட் போய் அணைந்தால், இணைப்பு முடிந்தது என்று சொல்ல இயங்குதளமும் இருக்காது. அதற்காகத்தான் ஹார்ட்பீட். இரு பக்கமும் அவ்வப்போது ஒரு சின்ன சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ராபிட்எம்கியூவில் இதற்கான இயல்பு அளவு 60 விநாடி. சத்தமே இல்லாமல் போனால் ஓரிரு நிமிடத்துக்குள் புரோக்கர் இணைப்பை அறுத்துவிட்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

இதுவரை படித்தவர்கள் கியூ வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கலாம். கியூவைப் புதிதாகக் கொண்டுவரும் குழுக்களும் அப்படித்தான் நினைக்கின்றன. ரீஃபண்ட் 48213-ஐ மறுபடி எடுத்து, கன்ஸ்யூமரை வெவ்வேறு இடத்தில் கொன்று பார்ப்போம்.

செய்தி கைக்கு வந்தது, கேட்வேக்கு இன்னும் எதுவும் அனுப்பவில்லை, அதற்குள் செத்தது. செய்தி திரும்பும், அடுத்தது எடுத்துச் செய்யும். பயணிக்கு 640 ரூபாய் ஒருமுறை போகும். குறையில்லை. ஆக் புரோக்கரிடம் போய்ச் சேர்ந்த பிறகு செத்தால், வேலை முடிந்துவிட்டது; செத்ததால் ஒன்றும் கெடவில்லை. மூன்றாவது இடம்தான் ஆபத்து. கேட்வேக்குக் கோரிக்கை போய்விட்டது, கேட்வே பணத்தை அனுப்பியும் விட்டது, `basic_ack` என்ற வரியை எட்டுவதற்கு முன் கன்ஸ்யூமர் செத்தது. புரோக்கருக்குத் தெரிந்ததெல்லாம் ஆக் வரவில்லை என்பது மட்டும்தான். பணம் போனது அதற்குத் தெரிய வழியில்லை. செய்தியை இன்னொரு கன்ஸ்யூமரிடம் கொடுக்கும். அது கடமை தவறாமல் இன்னொரு 640 ரூபாயை அனுப்பிவைக்கும்.

பழைய முறையில் பணம் வராமல் போன் வந்தது. இப்போது பணம் இருமுறை வந்தவர் போன் செய்ய மாட்டார்.

இரண்டு வரிகளை இடம் மாற்றி, முதலில் ஆக், பிறகு பணம் என்று வைத்தால் என்ன? இரட்டிப்பு நிற்கும். ஆனால் ஆக் கொடுத்துவிட்டுப் பணம் அனுப்புவதற்குள் செத்தால் செய்தி எங்குமே இல்லை. `PROCESSING` என்ற தடயம்கூட மிஞ்சாது. `auto_ack=True` என்று வைத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் புரோக்கர் செய்தியைக் கம்பியில் ஏற்றியதுமே முடிந்ததாக எழுதிக்கொள்ளும். வேகமாக ஓடுகிறது என்று சிலர் இதை வைத்துவிடுகிறார்கள். வெப்பநிலை அளவு மாதிரி ஒன்று தொலைந்தால் அடுத்தது வரும் தகவல்களுக்கு அது போதும். பணத்துக்கு ஆகாது.

ஒருமுறையாவது நடக்கும் என்பதா, ஒருமுறைக்கு மேல் நடக்காது என்பதா, இதில் ஒன்றைத்தான் கியூவால் தர முடியும். பணம் ஓரிடத்தில் நகர்கிறது, ஆக் வேறோரிடத்தில் பதிவாகிறது. இரண்டையும் ஒரே கணத்தில் செய்ய வழியில்லை என்பதால் நடுவில் இடைவெளி இருந்தே தீரும். ஆகவே வேலையை முடித்த பின் ஆக் கொடு, இருமுறை செய்தாலும் கேடில்லாதபடி வேலையை மாற்றியமை என்பதுதான் வழக்கமான வழி.

ரீஃபண்டில் அதை எப்படிச் செய்வது? கோரிக்கையோடு ஓர் அடையாளச் சாவியையும் கேட்வேக்கு அனுப்ப வேண்டும். உதாரணமாக ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கேட்வே `Idempotency-Key` என்ற தலைப்பில் இந்தச் சாவியை ஏற்கிறது. அதே சாவியோடு மறுபடி கோரிக்கை வந்தால் புதிதாகப் பணம் நகர்த்தாது, முதல்முறை சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும். இரண்டாவது கன்ஸ்யூமர் `refund-48213` என்ற சாவியோடு கேட்கும். கேட்வே ஏற்கெனவே அனுப்பிய விவரத்தைக் கொடுக்கும். அது ஆக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். மூன்றாவது இடத்தில் செத்தாலும் பயணிக்கு 640 ரூபாய்தான். இந்தச் சாவிகளை கேட்வே என்றென்றைக்கும் வைத்திருக்காது. ஸ்ட்ரைப்பில் 24 மணி நேரத்துக்குப் பிறகு நீக்கப்படலாம். நாள்கணக்கில் தேங்கிய செய்தியை மறுபடி ஓட்டுவதானால், போன ரீஃபண்ட் உண்டா என்று கேட்வேயிடம் விசாரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இதிலும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, பார்த்தால் நல்ல நிரல் போலவே தெரியும். சாவியை கன்ஸ்யூமருக்குள்ளேயே ஒரு தற்செயல் எண்ணாக உருவாக்குவது. முதல் கன்ஸ்யூமர் ஒரு சாவி செய்யும். அது செத்த பின் வரும் இரண்டாவது வேறொரு சாவி செய்யும். கேட்வேயின் கண்ணுக்கு அவை இரண்டு தனித்தனி ரீஃபண்டுகள். சாவி பயணி ரத்து செய்த கணத்திலேயே பிறந்து, செய்தியோடு பயணம் செய்ய வேண்டும். எத்தனை கை மாறினாலும் அது மாறக் கூடாது. `redelivered` கொடியை மட்டும் நம்பி, கொடி இருந்தால் செய்யாமல் விட்டுவிடலாம் என்று நினைப்பதும் தவறு. செய்தி ஒருவரிடம் போய் வந்தது என்றுதான் கொடி சொல்கிறது. வேலை முடிந்ததா என்று சொல்வதில்லை.

சாகாமலேயே செத்தவராகக் கணக்கிடப்படுவதும் உண்டு. கன்ஸ்யூமருக்கும் புரோக்கருக்கும் இடையே நெட்வொர்க் துண்டிக்கப்பட்டால், ஹார்ட்பீட் வராததால் புரோக்கர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய கன்ஸ்யூமரோ கேட்வேயோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கும். சிறிது நேரம் ஒரே ரீஃபண்டை இருவர் கையில் வைத்திருப்பார்கள். பழையது அனுப்பும் ஆக் செல்லாது. ஆனால் அது அனுப்பிய பணம் செல்லும். அப்போதும் காப்பாற்றுவது அந்தச் சாவிதான்.

உயிரோடு இருந்தும் ஆக் கொடுக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும் கன்ஸ்யூமருக்கு ராபிட்எம்கியூ தனியாக ஒரு கெடு வைத்திருக்கிறது. இயல்பாக 30 நிமிடம். அதைத் தாண்டினால் `PRECONDITION_FAILED` என்ற பிழையோடு சேனலை மூடி, செய்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஓடும் வேலையைக் கியூவில் போட்டவர்கள் இந்தப் பிழையைப் பார்த்துத் திகைப்பதுண்டு: வேலை முடிகிறது, ஆனால் முடிந்த வேலையே மறுபடி மறுபடி தொடங்குகிறது. அமேசானின் எஸ்க்யூஎஸ் இன்னும் கறார். அங்கே திறந்து வைத்த இணைப்பு என்பதே இல்லை. செய்தியை எடுத்தவருக்கு இயல்பாக 30 விநாடி அவகாசம். அதற்குள் அழிக்கவோ அவகாசத்தை நீட்டிக்கவோ இல்லையென்றால் செய்தி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அதாவது, நமது பழைய துப்புரவு நிரலின் கடிகாரம்தான் அங்கே சேவையாக வருகிறது.

கன்ஸ்யூமர் தற்செயலாகச் செத்தால் மேலே சொன்னதெல்லாம் போதும். ஆனால் செய்தியே கொலைகாரனாக இருந்தால்? தொகை இருக்க வேண்டிய இடம் காலியாக வந்து, அதைப் படித்ததும் நிரல் நொறுங்குகிறது என்று வையுங்கள். முதல் கன்ஸ்யூமர் சாகும், செய்தி திரும்பும், இரண்டாவது சாகும், மறுபடி திரும்பும். ஒரே செய்தி வொர்க்கர்களை வரிசையாகக் கொன்றுகொண்டே போகும்; பின்னால் நிற்கும் ஆயிரம் நல்ல ரீஃபண்டுகள் தவிக்கும். `status` பத்தியில் இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு வொர்க்கரைக் கொன்றதோடு அந்த வரி ஓரமாக உறைந்துவிடும். கியூவில் இதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். ராபிட்எம்கியூவின் குவோரம் கியூக்களில் 4.0 பதிப்பிலிருந்து 20 முறை என்பது இயல்பு வரம்பு. தாண்டினால் செய்தி கியூவிலிருந்து விலக்கப்படும். விலக்கியதைப் போட்டுவைக்க டெட் லெட்டர் கியூ ஒன்றை நீங்களே அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் அது கைவிடப்பட்டு, ரீஃபண்ட் போன இடம் தெரியாது.

அப்படியானால் டேட்டாபேஸை விட்டுவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். கியூவுக்குள் கிடக்கும் செய்தியிடம் "48213 என்ன ஆயிற்று?" என்று கேட்க முடியாது. போன் எடுப்பவர் பார்க்க ஒரு திரை வேண்டும். அதற்கு `status` பத்தி இருக்கட்டும். வேலையை யார் எடுத்தார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மட்டும் அதனிடமிருந்து பறித்தால் போதும். நாளைக்கு நூறு ரீஃபண்ட் வரும் சிறு நிறுவனத்துக்கு புரோக்கர் என்று தனியாக ஒரு சர்வரே தேவைப்படாது. 2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5-இலிருந்து `FOR UPDATE SKIP LOCKED` இருக்கிறது. வொர்க்கர் ஒரு வரியைப் பூட்டி எடுக்கும், மற்றவை பூட்டிய வரியைத் தாண்டிப் போகும், பூட்டியவர் செத்து இணைப்பு அறுந்தால் பூட்டு தானாக விடுபடும். தத்துவம் கியூவுடையதேதான். வேலை நடக்கும் நேரம் முழுவதும் டிரான்ஸாக்‌ஷன் திறந்தே இருக்க வேண்டும் என்பதால் விநாடிகளில் முடியும் வேலைக்கே இது பொருந்தும். இருமுறை பணம் போகும் ஆபத்து இங்கேயும் உண்டு. சாவி இங்கேயும் வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கியூ ஓடிக்கொண்டிருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். சோதனைச் சூழலில், பணம் அனுப்பும் வரிக்கும் ஆக் வரிக்கும் நடுவில் இருபது விநாடி தூங்கும்படி ஒரு வரி சேருங்கள். ஒரு செய்தியைப் போட்டு இதை ஓட்டிப் பாருங்கள்:

```
rabbitmqctl list_queues name messages_ready messages_unacknowledged
```

கடைசி எண் 1 என்று இருக்கும். அந்த இருபது விநாடிக்குள் கன்ஸ்யூமரை `kill -9` போட்டுக் கொல்லுங்கள். வேறு கன்ஸ்யூமர் இல்லையென்றால் அந்த 1 நடு எண்ணுக்கு இடம் மாறும். இப்போது கன்ஸ்யூமரை மறுபடி கிளப்பிவிட்டு, சோதனை கேட்வேயின் கணக்கில் எத்தனை ரீஃபண்ட் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விழுந்திருந்தால், அந்த நிரலை நேரலைக்கு அனுப்பாதீர்கள்.